“வயித்தை மட்டும் காட்டுவோம்”: ஈரல் கெட்ட ஒரு சமையல் மாஸ்டர் ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்த விதம்

கோட்டையூர்ப் பக்கத்துச் சமையல் மாஸ்டர் அவர். வயது 54. செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணங்களில் முப்பது வருடமாக அடுப்படியில் நிற்பவர். குடிநோயாளிகளின் குடும்பங்களோடு வேலை செய்யும் சமூகப் பணியாளன் நான். என்னிடம் வந்தது அவர் இல்லை, அவருடைய அண்ணன் மகன். “சித்தப்பா வயிறு இப்படி வீங்கிக் கிடக்கு, கண்ணு மஞ்சளா இருக்கு. ஆஸ்பத்திரின்னு சொன்னாலே அடிக்க வர்றாரு” என்றான். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசை மாறவில்லை.

அவர் குடித்த அளவு ஒரு நாளைக்கு இரண்டு குவார்ட்டர், முகூர்த்த நாளில் இன்னும் கொஞ்சம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. டாஸ்மாக் சரக்கில் அதற்குள் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கும். அந்தக் கணக்கில் தினமும் 120 கிராம், பல வருடங்களாக. கால் வீக்கம், வயிற்றில் நீர், கண்ணில் மஞ்சள், மெலிந்துபோன கை, பகலில் தூக்கம், இரவில் முழிப்பு என்று பையன் சொல்லச் சொல்ல, ஈரல் சுருங்கி அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது என்பது தெரிந்தது. கடைசியாகச் சொன்ன தூக்க மாற்றம்தான் எனக்குக் கவலை தந்தது. ஈரல் வடிகட்டாத கழிவு மூளையைத் தொடத் தொடங்கும்போது முதலில் மாறுவது பெரும்பாலும் தூக்கம்தான்.

அதனால் முதலில் அவனிடம் ஒன்று கேட்டேன். சித்தப்பாவிடம் நூறு இலைக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை கிலோ பருப்பு என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டு வரச் சொன்னேன். அவர் தடுமாறாமல் சொல்லி, “ஏன்டா, நீயும் கரண்டி பிடிக்கப் போறியா?” என்று கேலியும் செய்திருக்கிறார். நல்லது. அவருடைய முடிவை எடுக்க அவருக்கே புத்தி தெளிவாக இருக்கிறது, அதனால் அவரிடம்தான் பேச வேண்டும். கணக்குத் தடுமாறியிருந்தாலோ பேச்சு குழறியிருந்தாலோ கதை வேறு. அப்போது சம்மதத்துக்குக் காத்திருக்கக் கூடாது.

அதுவரை வீட்டில் என்னென்ன நடந்தது என்பதையும் கேட்டுக்கொண்டேன். இந்தப் பகுதியைப் பலர் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். மறுப்பின் காரணம் பெரும்பாலும் இதற்குள்தான் கிடக்கும்.

மனைவி ராத்திரி பத்து மணிக்குமேல், அவர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் அழுவார். “என் தாலிக்கு என்ன பதில்?” என்பார். போதையில் கேட்டது காலையில் நினைவிலேயே இருக்காது, சண்டையின் கசப்பு மட்டும் மிஞ்சும். மச்சினன் ஒரு படி மேலே போயிருக்கிறார். ஆறு மாதத்துக்கு முன்னால், “ரெண்டு நாள் பூட்டி வச்சா தெளிஞ்சிடும்” என்று ஓர் அறையில் போட்டுப் பூட்டிவிட்டார். மறுநாள் சாயங்காலம் வலிப்பு வந்தது. வாயில் நுரை தள்ளியதும் பயந்துபோய்ச் சாவிக்கொத்தைக் கையில் திணித்திருக்கிறார்கள். குடும்பம் அதைக் காத்து கருப்பு என்று நினைத்து, மந்திரித்துக் கயிறு கட்டியது.

அது காத்தும் இல்லை, கருப்பும் இல்லை. தினமும் இவ்வளவு குடிக்கும் உடம்பிலிருந்து மதுவை ஒரேயடியாக நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு உளறலும், இல்லாத பூச்சி தெரிவதும், காய்ச்சலும் வியர்வையுமாக உயிருக்கே ஆபத்தான நிலை வரும். இதை மருந்தோடு சேர்த்து ஆஸ்பத்திரியில்தான் கடக்க வேண்டும். ஆனால் மாஸ்டர் அந்த அறையிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு: ‘குடியை நிறுத்தினால் செத்துப்போவேன். ஆஸ்பத்திரியில் நிறுத்துவார்கள். எனவே ஆஸ்பத்திரிக்குப் போனால் செத்துப்போவேன்.’ அவர் அனுபவித்ததை வைத்துப் பார்த்தால் இதில் கோணல் எதுவும் இல்லை. வீட்டார் இதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இன்னொன்றும் இருந்தது. அவருடைய அண்ணன், அதாவது இந்தப் பையனின் அப்பா, நாலு வருடத்துக்கு முன் இதே நோயில் ரத்த வாந்தி எடுத்து, நடுராத்திரியில் நினைவில்லாமல் கொண்டுபோகப்பட்டு, திரும்பி வரவில்லை. “பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவன் நடந்து வந்ததில்ல” என்று மாஸ்டர் அடிக்கடி சொல்வாராம்.

மூன்றாவது காரணத்தை யாரும் கேட்டிருக்கவில்லை. தை மாதத்தில் மூன்று முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தார். படுத்துவிட்டால் பெயர் போய்விடும்.

அந்த வாரம் மனைவி வேறொரு யோசனையில் இருந்தார். சாப்பாட்டில் தெரியாமல் கலந்துகொடுக்கும் மாத்திரை ஒன்று யாரோ மூலம் வீட்டுக்கு வந்திருந்தது. அது வேண்டவே வேண்டாம் என்றேன். டைசல்ஃபிராம் என்ற அந்த மருந்தை நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில்தான் கொடுக்க வேண்டும். அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, ரத்த அழுத்தம் இறங்கி, நெஞ்சு படபடக்கும். ஈரல் இந்த அளவு கெட்டவருக்கு மாத்திரையே ஈரலை இன்னும் கெடுக்கலாம். அதோடு, கலந்தது ஒருநாள் தெரிந்தால் அந்த வீட்டுச் சாப்பாட்டை அவர் தொடமாட்டார். வாழ்நாளெல்லாம் ருசி பார்த்த ஒரு மனிதருக்கு அது தெரியாமல் போகும் என்று எப்படி நினைத்தார்களோ!

கம்பவுண்டரைக் கூட்டி வந்து வீட்டிலேயே ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றலாம் என்று மச்சினன் சொன்னதையும் தடுத்தேன். நீண்ட நாள் குடித்தவர் உடம்பில் வைட்டமின் பி1 வற்றியிருக்கும். அதை ஈடுகட்டாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. ஆஸ்பத்திரியில் பி1 ஊசியை முன்கூட்டியே போட்டுவிடுவது அதனால்தான். வயிற்றில் ஏற்கெனவே நீர் கோர்த்தவருக்கு வீட்டில் பாட்டில் ஏற்றுவது வேறு விதத்திலும் தப்பு.

சரி, யார் பேசுவது? அழுத மனைவி வேண்டாம், பூட்டிய மச்சினன் கூடவே கூடாது. பையன் சின்னவன், அப்பாவை இழந்தவன், அவன் பேசினால் அண்ணனின் சாவுதான் நடுவில் வந்து நிற்கும். தேவகோட்டையில் கட்டிக்கொடுத்த அக்கா ஒருவர் இருந்தார், வயது 61. தம்பியைத் திட்டியதில்லை, குடிக்கக் காசு கொடுத்ததுமில்லை. அவர் வந்தால் மாஸ்டர் பீடியை அணைத்துவிடுவார் என்று பையன் சொன்னதும் ஆள் முடிவாகிவிட்டது. ஒருவர் மட்டும் பேச வேண்டும், மற்றவர்கள் அந்த நேரம் பட்டாலைப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவைத்தேன். நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் அது பஞ்சாயத்து ஆகிவிடும். பஞ்சாயத்தில் யாரும் சம்மதிப்பதில்லை, தோற்கத்தான் செய்வார்கள்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். “போதை தெளிந்திருக்கும்போது பேசுங்கள்” என்று எல்லோரும் சொல்வார்கள். தினக்குடிகாரருக்குப் போதை முழுக்கத் தெளிந்த நேரம் என்பது கை நடுங்கும் நேரம். காலை ஐந்தரைக்கு எழும்போது மாஸ்டருக்குக் காபி டம்ளர் பிடிக்க முடியாது. முந்தின நாள் மிச்சம் வைத்த கட்டிங் ஒன்றை உள்ளே விட்டால் ஏழு மணிக்குக் கை நிற்கும். கடை திறப்பது பகல் 12 மணிக்கு. பதினோரு மணிக்கே அவர் மனசு அந்தப் பக்கம் போய்விடும். இடையில் ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை நடுக்கமும் இல்லை, போதையும் இல்லை. அவருடைய நாளில் பேசக்கூடிய நேரம் அது மட்டும்தான். காலையில் அவர் குடிப்பதைத் தடுக்க வேண்டாம் என்று நான் சொன்னபோது மனைவி என்னை விரோதியைப் போலப் பார்த்தார். தடுத்தால் நடுக்கத்தோடு இருக்கும் மனிதரிடம்தான் பேச வேண்டியிருக்கும், அவர் எதற்கும் சரி சொல்லமாட்டார்.

மாதமும் உதவியது. கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்க இருந்தது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, அடுப்படிக்கு வேலை இல்லை. கிழமை விஷயத்தில் அக்காவே ஒன்று சொன்னார். தம்பி நாள் பார்க்கிறவன், திங்கட்கிழமை காலை ஏழரைக்கு ராகு காலம், அதைச் சாக்காக வைத்துவிடுவான் என்றார். வியாழக்கிழமை எட்டு மணிக்கு ராகு காலமும் இல்லை, எமகண்டமும் இல்லை. வெளிநோயாளிப் பிரிவும் அந்த நேரத்தில் திறந்திருக்கும். புதன்கிழமை பேசி வியாழக்கிழமை கிளம்புவது என்று வைத்துக்கொண்டோம்.

பேசுவதற்கு முன்பே சில வேலைகளை முடித்தோம். அவர் “சரி” என்று சொன்ன பிறகு வண்டி தேடக் கூடாது. கார் பேசியாகிவிட்டது. காப்பீட்டு அட்டை, ஆதார், பழைய சீட்டுகள் ஒரு பையில். ஆஸ்பத்திரியில் மருத்துவரைப் பையன் முன்கூட்டியே பார்த்து, எவ்வளவு குடிக்கிறார், முன்பு வலிப்பு வந்தது, வயிற்றில் நீர் இருக்கிறது என்று சொல்லிவிட்டான். தை முகூர்த்தத்து வீட்டு ஆச்சியிடமும் போய்ப் பேசினான். அந்த ஆச்சி நல்ல மனுஷி. “அட்வான்ஸ் அங்கேயே இருக்கட்டும். கூட இருக்குற பையன் அடுப்பப் பாத்துக்கட்டும், மாஸ்டர் நாற்காலி போட்டு உக்காந்து சொன்னாப் போதும்” என்றார்.

இனி வார்த்தைகள். அக்காவிடம் நான் கேட்டுக்கொண்டது இதுதான்: குடி என்ற சொல்லை நீங்களாக எடுக்காதீர்கள். அவரை எது படுத்துகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். குடி மனைவியைப் படுத்துகிறது, மச்சினனைப் படுத்துகிறது. மாஸ்டரைப் படுத்தியது மூச்சு. படுத்தால் நெஞ்சு அடைக்கிறது, வயிற்றில் வேட்டி நிற்கமாட்டேன் என்கிறது. அந்தத் தண்ணீரை எடுத்தால் மூச்சு லேசாகும் என்பது உண்மை, அதை அவருக்குத் தைரியமாகச் சொல்லலாம்.

புதன்கிழமை நடந்ததை அக்கா எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்.

“ராத்திரி தூங்குனியா தம்பி?”

“எங்கக்கா தூங்குறது. படுத்தா நெஞ்ச அடைக்குது. உக்காந்துக்கிட்டே கெடக்கேன்.”

“எத்தன நாளா?”

“தீபாவளிக்கு அப்புறந்தான் ரொம்ப.”

“வயித்துல தண்ணி கோத்துருக்காம். ஊசி போட்டு எடுத்தா அன்னைக்கே மூச்சு லேசாகுமாம். வயித்த மட்டும் காட்டுவோமா?”

“போனா படுக்கப் போட்டுருவாங்க. அண்ணன் கதிதான்.”

இந்த இடத்தில் பெரும்பாலான வீடுகளில் “அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்று சொல்வார்கள். அந்தப் பதில் பயத்தைத் தள்ளிவிடுகிறதே தவிர எடுத்துக்கொள்வதில்லை. அக்கா அப்படிச் சொல்லவில்லை.

“எனக்கும் அந்த பயம் இருக்கு. அண்ணன ரத்தம் கக்குனதுக்கப்புறம், நெனவு தப்புனதுக்கப்புறம் தூக்கிட்டுப் போனோம். நீ இப்ப நடந்து போற. அதான் இப்பவே கேக்குறேன்.”

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அக்காவும் பேசவில்லை. அந்த மௌனத்தை நிரப்பாதீர்கள் என்று சொல்லியிருந்தேன். பதில் உள்ளே தயாராகும் நேரம் அது.

“குடிய விடச் சொல்லுவாங்க.”

“சொல்லுவாங்க. அத நீயும் டாக்டரும் பேசிக்கங்க. நான் அதுக்கு வரல.”

“தங்கச் சொன்னா?”

“சொன்னாலும் சொல்லுவாங்க தம்பி. சொன்னா ஒங்கிட்ட கேட்டுத்தான் தங்குறது. நான் கூடவே இருக்கேன்.”

கடைசிப் பதில் முக்கியம். “ஒரு ஊசி போட்டுட்டு வந்துரலாம்” என்று பொய் சொல்லிக் கூட்டிப்போகும் வழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. அந்த முறை ஒருதடவை பலிக்கும். இந்த நோயில் ஆஸ்பத்திரி ஒருதடவையோடு முடிவதில்லை, அடுத்த தடவை அவர் காரில் ஏறமாட்டார். “வயித்தை மட்டும்” என்பது சின்னக் கோரிக்கை, ஆனால் பொய் இல்லை. மேற்கொண்டு என்ன கேட்பார்கள் என்பதையும் அக்கா மறைக்கவில்லை.

பிறகு, “நாளைக்குக் காலையில எட்டு மணிக்கா, மத்தியானம் ராகு காலம் கழிச்சா?” என்று கேட்டிருக்கிறார். போகலாமா வேண்டாமா என்ற கேள்வி அதோடு கடந்துபோய்விட்டது. “காலையிலேயே போயிருவோம்” என்றார் மாஸ்டர். அன்று மாலை பையனிடம் தனியாக, “கை ஆடும்டா, எல்லாரும் பாப்பாங்க” என்றிருக்கிறார். அவர் வெட்கப்பட்டது நோய்க்காக இல்லை, கரண்டி பிடிக்கும் கை ஊர் முன்னால் நடுங்குவதற்காக. “அதுக்கு மருந்து இருக்கு சித்தப்பா. ஒங்களப் பூட்டி வச்சப்ப அந்த மருந்து குடுக்கல, அதான் வலிப்பு வந்துச்சு. டாக்டர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன்” என்றான் அவன். அந்த வலிப்புக்கு முதன்முதலாக ஒரு காரணம் அவருக்குக் கிடைத்தது. என்னைக் கேட்டால், அக்கா பேசியதைவிட இந்த ஒரு பதில்தான் அதிகம் வேலை செய்தது.

வியாழக்கிழமை காலை எதிர்பார்த்தபடியே மனசு மாறினார். “இன்னைக்கு வேண்டாம்.” அக்கா சரி என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி கேட்டார். காரை அனுப்பவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. எட்டே முக்காலுக்கு மாஸ்டர் சட்டையைக் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் முதல் நாளே வயிற்று நீரில் கொஞ்சம் எடுத்துக் கிருமித் தொற்று இருக்கிறதா என்று பார்த்தார்கள். நல்லவேளை, இல்லை. அதில் தொற்று வந்திருந்தால் வெளியே பெரிதாக எதுவும் காட்டாமலே ஆளைச் சாய்த்துவிடும். கோர்த்திருந்த நீரைப் பிறகு அளவாக எடுத்தார்கள். அன்று இரவு பல வாரங்களுக்குப் பிறகு படுத்துத் தூங்கினார். பி1 ஊசியும், நடுக்கத்துக்கு லோரசிபாம் மாத்திரையும் கொடுத்தார்கள். ஈரல் கெட்டவர்களுக்கு நீண்ட நேரம் உடம்பில் தங்கும் தூக்க மருந்துகள் சிக்கல், அதனால்தான் இந்த மருந்து, அதுவும் குறைந்த அளவில், பார்த்துப் பார்த்து. இப்படிப்பட்டவருக்கு வீட்டில் யாரும் தூக்க மாத்திரை கொடுத்துவிடக் கூடாது.

மூன்றாம் நாள்தான் உண்மையான சோதனை என்று குடும்பத்திடம் முன்பே சொல்லியிருந்தேன். கூட்டிக்கொண்டு போவதோடு வேலை முடிந்தது என்று நினைத்து வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள், மூன்றாம் நாள் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார். நிறைய சிகிச்சைகள் இந்த இடத்தில்தான் உடைகின்றன. அதனால் முதல் நாள் மாலை, மூச்சு லேசாகி அவர் நிம்மதியாக இருந்த நேரத்தில், அக்காவிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன். “நாளைக்கழிச்சு ஒனக்குக் கோவம் வரும், வீட்டுக்குப் போகணும்னு கத்துவியாம். அப்ப நான் என்ன செய்யட்டும்?” அவர் யோசித்து, “கத்துனா கத்திட்டுப் போறேன். நீ விட்றாத” என்றார். இதற்குச் சட்டப்படி எந்தப் பலமும் இல்லை. ஆனால் சனிக்கிழமை விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, கட்டிலில் எறும்பு ஊருகிறது என்று சொல்லி ஊசியைப் பிடுங்கப் போனபோது, அக்காவால் தயங்காமல் நிற்க முடிந்தது. அந்த நேரம் அவர் தெளிவாக இல்லை என்று மருத்துவரும் முடிவு செய்து மருந்தைக் கூட்டினார். ஞாயிறு மதியம் அடங்கியது.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டில் ஒரு சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். உப்பைப் பாதிக்குமேல் குறைக்கச் சொன்னால் சமையல் மாஸ்டர் ஒத்துக்கொள்வாரா? ஆனால் மஞ்சள் காமாலைக்கு உப்பில்லாப் பத்தியம் என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம். கீழாநெல்லி குடித்தபோதும் அப்படித்தான் இருந்திருக்கிறார். ஊறுகாய், அப்பளம், கருவாடு போயின. பத்தியத்தில் எங்களுக்கு ஒத்துவராத பாதி ஒன்று உண்டு: பருப்பு, முட்டையைத் தள்ளிவைத்துக் கஞ்சியோடு கிடப்பது. சதை கரைந்திருக்கும் இவர்களுக்குப் புரதம் தேவை, ராத்திரி படுக்கும் முன்பும் ஏதாவது சாப்பிட வேண்டும். அதை மருத்துவர் வாயால் சொல்லவைத்தோம்.

குடி நின்றதா? தைப் பொங்கல் வரை நின்றது. பொங்கலன்று கூட்டாளிகளோடு குடித்துவிட்டார், அப்புறம் ஒரு வாரம் தொடர்ந்தது. கால் மறுபடி வீங்கியதும், இந்த முறை யாரும் கேட்காமலே, “அந்த டாக்டரப் பாத்துட்டு வந்துருவோமா?” என்று அவரே பையனிடம் கேட்டார். அக்கா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை, பையை எடுத்துக் கொடுத்தார். அந்த இரண்டாம் வருகையில்தான் குடியை நிறுத்துவது பற்றி மருத்துவரோடு அவராகப் பேச உட்கார்ந்தார்.

இந்தப் பேச்சுமுறைக்கெல்லாம் ஒரு எல்லை உண்டு, அதை வீட்டில் எழுதி ஒட்டச் சொன்னேன். மலம் தார் போலக் கறுத்துப் போனால், ரத்தம் வாந்தி எடுத்தால், பேச்சு குழறி நாள் கிழமை மறந்தால் அல்லது எழுப்பினாலும் எழாமல் தூங்கினால், காய்ச்சலோடு வயிறு வலித்தால், அங்கே நேரம் பார்ப்பதும் வார்த்தை தேடுவதும் கிடையாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். மாஸ்டரிடமே இதை வாசித்துக் காட்டினார்கள். உளறல் என்ற வரி வந்ததும் அவர் நிறுத்தச் சொல்லி, “அரிசிக் கணக்குக் கேளுங்க. தப்பாச் சொன்னேன்னா வண்டியக் கூப்புட்ருங்க” என்றார். அந்த வரிக்குப் பக்கத்தில் பையன் அதையும் எழுதிவைத்திருக்கிறான்.